தோப்புக் குத்தகைக்கு எந்தச் சராசரி? கூட்டுச் சராசரி, இடைநிலை, முகடு: ஒரே பட்டியலில் மூன்று விடைகள்

கிருஷ்ணகிரிப் பக்கம் மாந்தோப்பு வைத்திருப்பவர்கள் காய்ப்பை விற்க இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, பறித்து, எடைமேடையில் ஏற்றி, டன் கணக்கில் விலை பேசுவது. இன்னொன்று, காய் மரத்தில் இருக்கும்போதே மொத்தத் தோப்பையும் ஒரு தொகைக்கு வியாபாரியிடம் குத்தகைக்கு விடுவது. முதல் வழியில் சராசரி பற்றிய பேச்சே வேண்டாம், எடைமேடை சொல்லிவிடும். இரண்டாவது வழியில் எல்லாமே மதிப்பீடுதான். "மரத்துக்கு எவ்வளவு காய்க்கும்?" என்ற ஒரு கேள்வியில் முழுத் தொகையும் தொங்குகிறது.

என் சித்தப்பாவின் தோப்பில் 80 பெங்களூரா மரங்கள். கூழ் ஆலைக்குப் போகும் காய். காய் திரண்டு நிற்கும் சமயத்தில் வியாபாரி வந்து தோப்பைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மரத்துக்கு நூறு கிலோ என்று போட்டார். சித்தப்பா என்னிடம் கேட்டது இதுதான்: "ஏம்பா, பட்டியல் போட்டா மூணு விதமா சராசரி வருதாமே. அதுல எதை வெச்சு நான் பேசறது?"

நியாயமான கேள்வி. ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் கூட்டுச் சராசரி, இடைநிலை அளவு, முகடு மூன்றையும் போடச் சொல்லித் தருகிறார்கள். எதை எப்போது எடுப்பது என்பது கையில் காசு புரளும்போதுதான் உறைக்கிறது.

முதலில் பட்டியல். ஒரு மரத்தில் 93 கிலோ இருக்கிறதா 97 கிலோ இருக்கிறதா என்று நின்று பார்த்து யாராலும் சொல்ல முடியாது. ஆனால் பல வருடம் காய் பறித்தவர், "இது எண்பதுக்கு மேல, நூத்தியிருபதுக்குள்ள" என்று தைரியமாகச் சொல்வார். அதனால் 40 கிலோ அகலத்தில் பிரிவுகள் வைத்து, மரம் மரமாகப் போய், நோட்டில் கோடு போட்டு எண்ணினோம். சரியாக 80 கிலோ என்று தோன்றும் மரம் 80–120 பிரிவில் சேரும், கீழ்ப் பிரிவில் சேராது. இதை முதலிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் ஒரே மரம் இரண்டு இடத்தில் எண்ணப்படும், அல்லது எதிலும் சேராமல் விடுபடும்.

| காய்ப்பு (கிலோ) | மரங்கள் f | நடுமதிப்பு x | f × x | குவிவு நிகழ்வெண் |
|---|---|---|---|---|
| 0–40 | 6 | 20 | 120 | 6 |
| 40–80 | 14 | 60 | 840 | 20 |
| 80–120 | 22 | 100 | 2200 | 42 |
| 120–160 | 16 | 140 | 2240 | 58 |
| 160–200 | 10 | 180 | 1800 | 68 |
| 200–240 | 7 | 220 | 1540 | 75 |
| 240–280 | 5 | 260 | 1300 | 80 |
| மொத்தம் | 80 | | 10040 | |

கூட்டுச் சராசரிக்கு ஒவ்வொரு பிரிவின் நடுமதிப்பையும் மரங்களின் எண்ணிக்கையால் பெருக்கிக் கூட்டுகிறோம். 10,040 வருகிறது. அதை 80 ஆல் வகுத்தால் 125.5 கிலோ. இதில் ஒரு அனுமானம் இருக்கிறது: ஒரு பிரிவில் இருக்கும் மரங்களின் காய்ப்பு, சராசரியாக அந்தப் பிரிவின் நடுவில் விழும் என்பது. 80–120 பிரிவில் 22 மரம் என்றால் சில 85, சில 115 என்று இருக்கும். கூடுதலும் குறைவும் பெரும்பாலும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும்.

பெரிய எண்களைப் பெருக்கக் கஷ்டப்படுபவர்கள் படி விலக்க முறையில் போடலாம். 140 ஐ ஊகச் சராசரியாக வைத்து, ஒவ்வொரு பிரிவும் அதிலிருந்து எத்தனை படி தள்ளி இருக்கிறது என்று –3 முதல் 3 வரை எழுதி, நிகழ்வெண்ணால், அதாவது அந்தப் பிரிவின் மரங்களின் எண்ணிக்கையால், பெருக்கிக் கூட்டினால் –29 வரும்.

```
140 + (–29 / 80) × 40 = 140 – 14.5 = 125.5
```

அதே விடை. இரண்டு முறையில் எது துல்லியம் என்று கேட்க இடமே இல்லை, எழுதும் வேலைதான் குறைகிறது. ஒரு முறையில் போட்டுவிட்டு மற்றதில் சரிபார்ப்பது நல்ல பழக்கம்.

அடுத்து இடைநிலை. மரங்களைக் காய்ப்பு வரிசைப்படி நிறுத்தினால் நடுவில் நிற்கும் மரம் எவ்வளவு காய்க்கும்? மொத்தம் 80, பாதி 40. குவிவு நிகழ்வெண் என்பது அந்தப் பிரிவு முடிய சேர்ந்த மொத்த மரங்கள். அந்த நிரலில் மேலிருந்து வந்தால், 40 ஐ முதலில் தாண்டுவது 42. ஆகவே இடைநிலைப் பிரிவு 80–120.

```
இடைநிலை = l + ((N/2 – m) / f) × c
        = 80 + ((40 – 20) / 22) × 40
        = 80 + 36.4 = 116.4
```

இங்கே l என்பது பிரிவின் கீழ் எல்லை, c பிரிவின் அகலம், f அந்தப் பிரிவின் சொந்த நிகழ்வெண். m தான் பலரும் வழுக்கும் இடம். அது இடைநிலைப் பிரிவுக்கு முந்தைய பிரிவின் குவிவு நிகழ்வெண், அதாவது 20. அவசரத்தில் அதே வரிசையில் இருக்கும் 42 ஐ எடுத்துப் போட்டுவிடுவார்கள். அப்படிப் போட்டால் 76.4 வரும். தப்பு நடந்திருக்கிறது என்று அந்த எண்ணே காட்டிக்கொடுக்கும், ஏனென்றால் 76.4 என்பது 80–120 பிரிவுக்கு வெளியே இருக்கிறது. இடைநிலை எப்போதும் இடைநிலைப் பிரிவுக்குள்தான் விழ வேண்டும். விடை வந்ததும் இதை ஒரு பார்வை பார்த்துவிட்டால் போதும்.

முகடு இன்னும் சுருக்கம். அதிக மரங்கள் இருக்கும் பிரிவு 80–120, அதில் 22. அதற்கு முந்தையதில் 14, பிந்தையதில் 16.

```
முகடு = l + ((f – f1) / (2f – f1 – f2)) × c
     = 80 + ((22 – 14) / (44 – 14 – 16)) × 40
     = 80 + 22.9 = 102.9
```

ஆக, ஒரே தோப்பு, ஒரே பட்டியல். கூட்டுச் சராசரி 125.5, இடைநிலை 116.4, முகடு 102.9. மூன்றும் சரியான விடைகள்.

வியாபாரி சொன்ன நூறு எங்கிருந்து வந்தது என்று இப்போது ஊகிக்கலாம். முகடு 102.9, அவர் சொன்னது அதற்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. தோப்பில் நடந்து போகிறவர் கண்ணில் திரும்பத் திரும்பப் படுவது 80–120 கிலோ மரம்தான், கால்வாசிக்கும் மேல் அதே ரகம். அவருடைய மனதில் "மரம் என்றால் இவ்வளவு" என்று பதிவது அந்த அளவு. அவர் ஏமாற்றவேண்டும் என்று நினைத்திருக்க வேண்டியதில்லை. கண்ணால் போடும் மதிப்பு தானாகவே முகட்டின் பக்கம் சாயும்.

ஆனால் அவர் வாங்குவது அதிகம் தென்படும் மரத்தை மட்டும் அல்ல, 80 மரத்தையும் சேர்த்து. 200 கிலோவுக்கு மேல் காய்க்கும் மரங்கள் 12 இருக்கின்றன. எண்ணிக்கையில் 100 க்கு 15 தான். காய்ப்பிலோ 1540 + 1300 = 2,840 கிலோ, மொத்தத்தில் 28 சதவீதம். கிணற்றை ஒட்டி நிற்கும் இந்தச் சில பெரிய மரங்கள் முகட்டைத் துளிகூட அசைக்காது. அவை 200 கிலோ காய்த்தாலும் 500 கிலோ காய்த்தாலும் முகடு 102.9 தான். இடைநிலையும் அப்படியே: நடு மரத்துக்கு மேலே 40 மரம் இருக்கிறது என்பது மட்டும் அதற்குத் தெரியும், அவை எவ்வளவு மேலே என்பது தெரியாது. கூட்டுச் சராசரி ஒன்றுதான் ஒவ்வொரு கிலோவையும் கணக்கில் எடுக்கிறது. அதனால்தான் அதை 80 ஆல் பெருக்கினால் தோப்பின் மொத்தக் காய்ப்பு திரும்பக் கிடைக்கிறது. முகட்டையோ இடைநிலையையோ 80 ஆல் பெருக்கினால் வரும் எண்ணுக்குப் பொருளே கிடையாது.

தொகையில் பார்க்கலாம். கணக்குக்காகக் கிலோ 10 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கூட்டுச் சராசரிப்படி 10,040 கிலோ, 1,00,400 ரூபாய். இடைநிலையைப் பெருக்கிப் பார்த்தால் சுமார் 93,100. முகட்டைப் பெருக்கினால் சுமார் 82,300. வியாபாரியின் நூறு கிலோப்படி 80,000. முதலுக்கும் கடைசிக்கும் இருபதாயிரத்துக்கு மேல் வித்தியாசம், அதுவும் 80 மரத் தோப்பில்.

"அப்போ நூத்தியிருபத்தஞ்சரை கிலோன்னு பிடிவாதமா நிக்கலாமா?" என்றார் சித்தப்பா. இல்லை, அதிலும் நியாயம் பார்க்க வேண்டும். காய் உதிரும், காற்றடித்துக் கொட்டும், சந்தை விலை சரியும். குத்தகை எடுத்தபின் இந்த நஷ்டமெல்லாம் வியாபாரி தலையில். அதற்குக் கழிவு கேட்பது அவர் உரிமை. ஆனால் அந்தக் கழிவை 10,040 லிருந்து வெளிப்படையாகக் கழிக்க வேண்டும். 15 சதவீதம் உதிர்வு என்று பேசி முடித்தால் 8,534 கிலோ. அது இரண்டு பேருக்கும் புரிந்த எண். மாறாக, மரத்துக்கு நூறு என்று ஆரம்பித்து, அதிலிருந்து மறுபடியும் 15 சதவீதம் கழித்தால் 6,800 கிலோவில் வந்து நிற்கும். கழிவு இரண்டு தடவை போகிறது: ஒரு தடவை முகடு என்ற பெயர் தெரியாமல், இன்னொரு தடவை உதிர்வு என்ற பெயரில். குத்தகைப் பேச்சில் நான் கூட்டுச் சராசரியை மட்டும் எடுக்கச் சொல்வது இதற்காகத்தான்.

அப்படியென்றால் மற்ற இரண்டும் வீணா? அதே தோப்பில் வேறு முடிவுகள் இருக்கின்றன.

தொழு உரம் பாதி மரத்துக்குத்தான் காணும் என்று வைத்துக்கொள்வோம். காய்ப்புக் குறைந்த பாதிக்கு முதலில் போட வேண்டும். எந்த மரம் வரை? இதற்கு இடைநிலைதான் விடை: 116 கிலோவுக்குக் கீழே இருக்கிற மரங்களுக்குச் சுண்ணாம்பால் அடையாளம் போட்டால் ஏறக்குறைய 40 மரம் வரும். இங்கே கூட்டுச் சராசரியை வெட்டுக்கோடாக வைத்தால் கணக்கு இடிக்கும். 125.5 க்குக் கீழே எத்தனை மரம் என்று பட்டியலிலேயே பார்க்கலாம்: 120 வரை 42 மரம், 120–160 பிரிவிலிருந்து இன்னும் இரண்டு மரம், ஆக 44. உரம் நான்கு மரத்துக்குப் பற்றாது. காய்ப்பு மிகுந்த மரங்கள் இன்னும் அதிகம் காய்த்தால் இந்த இடைவெளியும் பெருகும்.

பறிப்பு நாளுக்கு முன்தினம், ஒவ்வொரு மரத்தடியிலும் எத்தனை கிரேட் போட்டுவைப்பது என்ற கேள்விக்கு முகடு உதவும். அதுவும் 102.9 என்ற புள்ளிவைத்த எண் தேவையில்லை, 80–120 என்ற முகட்டுப் பிரிவே போதும். கிரேட்டுக்கு 20 கிலோ என்றால் மரத்துக்கு ஐந்தாறு கிரேட் போட்டுவிட்டு, பெரிய மரங்களுக்கு மட்டும் பிறகு கூடுதலாகக் கொண்டுபோகலாம். என்னைக் கேட்டால், தொகுத்த பட்டியலில் முகட்டுப் பிரிவை நம்பலாம், சூத்திரம் தரும் தசமத்தை ரொம்ப நம்ப வேண்டாம்.

ஏன் என்று ஒரு சோதனையில் தெரிந்துகொள்ளலாம். அதே 80 மரங்களை, அதே 40 கிலோ அகலத்தில், ஆனால் 20 லிருந்து தொடங்கிப் பிரித்தேன்: 20 க்குக் கீழே 2 மரம், 20–60 இல் 10, 60–100 இல் 18, 100–140 இல் 21, 140–180 இல் 13, 180–220 இல் 8, 220–260 இல் 6, 260–300 இல் 2. மறுபடி மூன்றையும் போட்டால், கூட்டுச் சராசரி 125.5 லிருந்து 125.75 ஆகிறது. கிட்டத்தட்ட அசையவில்லை. இடைநிலை 116.4 லிருந்து 119 ஆகிறது. முகடு 102.9 லிருந்து 110.9 ஆகிறது, எட்டு கிலோ தாவிவிட்டது. ஒரு மரத்தில் ஒரு காய்கூட மாறவில்லை, கோடு கிழித்த இடம்தான் மாறியது. முகட்டின் சூத்திரம் மூன்று பிரிவுகளை மட்டும் பார்ப்பதால், எல்லை நகர்ந்தால் அது கூடவே நகர்ந்துவிடுகிறது.

அகலம் சமமாக இல்லாவிட்டால் இன்னும் மோசம். யாராவது பட்டியலைச் சுருக்க நினைத்து 120–160, 160–200 இரண்டையும் சேர்த்து 120–200 என்று எழுதினால் அதில் 26 மரம் வரும். 22 ஐவிட 26 பெரிது, உடனே முகடு அங்கே தாவிவிடும். பிரிவின் அகலம் இரட்டிப்பானதால்தான் எண்ணிக்கை கூடியது, மரங்கள் அங்கே அடர்த்தியாக இல்லை. முகடு போடும் முன் எல்லாப் பிரிவும் ஒரே அகலமா என்று பார்த்தே ஆக வேண்டும். பிரிவுகளை 1–40, 41–80, 81–120 என்று இடைவெளி விட்டு எழுதியிருந்தால், கீழ் எல்லையாக 81 ஐப் போடாமல் 80.5 ஐப் போட வேண்டும். இது இடைநிலைக்கும் பொருந்தும்.

கூட்டுச் சராசரிக்கும் பலவீனமான இடம் ஒன்று உண்டு, அது கடைசிப் பிரிவு. பெரிய மரத்தை நிமிர்ந்து பார்க்கிறவர் "இது எரநூத்தி நாப்பதுக்கு மேல" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார், மேல் எல்லை சொல்லமாட்டார். அப்போது அந்த 5 மரங்களுக்கு நடுமதிப்பு எது? 260 என்று எடுத்தால் சராசரி 125.5. 320 என்று எடுத்தால் 300 கிலோ கூடி, சராசரி 129.25 ஆகிவிடும். வியாபாரி 250 தான் என்பார், தோப்புக்காரர் 350 என்பார். இடைநிலை மட்டும் இந்தச் சண்டையில் அசையாமல் 116.4 இலேயே நிற்கும். மேல் எல்லை தெரியாத பட்டியலில் இடைநிலையை எடு என்று புத்தகத்தில் சொல்வது இதனால்தான்.

ஆனால் குத்தகைக்கு இடைநிலை உதவாது என்று பார்த்தோமே, என்ன செய்வது? அந்த ஐந்து மரத்தையும் தனியாக நின்று பார்ப்பதுதான் வழி. முடிந்தால் அவற்றை மட்டும் முன்கூட்டியே பறித்து எடை போட்டுவிடலாம். 75 மரம் பிரிவுக் கணக்கில் இருக்கட்டும், பிரச்சினை தரும் 5 மரம் நேரடி எடையில் இருக்கட்டும். இரண்டையும் கூட்டி 80 ஆல் வகுத்தால் யாரும் மறுக்க முடியாத சராசரி கிடைக்கும்.

80 மரத்தோடு முடிந்தால் இவ்வளவுதான். 400 மரத் தோப்பு என்றால் எல்லாவற்றையும் எண்ண நேரம் இருக்காது, 80 ஐ மட்டும் பார்த்து அதிலிருந்து மொத்தத்துக்குப் போக வேண்டும். அப்போது எந்த 80 என்பது சூத்திரத்தைவிட முக்கியமாகிவிடும். பாதையோரமாக நடந்தபடி பார்த்தால் தண்ணீர் எட்டும் வரிசைகளே அதிகம் வந்து, சராசரி ஏறிவிடும். வரிசைக்கு வரிசை ஐந்தாவது மரம், பத்தாவது மரம் என்று போக வேண்டும். மரங்களின் வயதும் கலந்திருந்தால், உதாரணமாக 300 முதிர்ந்த மரம், 100 இளமரம் இருந்தால், 60 முதிர்ந்ததும் 20 இளையதும் எடுத்து, இரண்டு பட்டியலாகப் போடுவதே நல்லது. ஒரே பட்டியலில் கொட்டினால் 40–80 பக்கம் ஒரு குவியலும் 160–200 பக்கம் இன்னொரு குவியலுமாக இரண்டு முகடு தெரியும். சூத்திரம் அதில் ஒன்றைத்தான் சொல்லும். கூட்டுச் சராசரி இரண்டுக்கும் நடுவே, மரமே அதிகம் இல்லாத பள்ளத்தில் போய் விழலாம். இரண்டு பட்டியல் போட்டு, முதிர்ந்ததின் சராசரியை 300 ஆலும் இளையதின் சராசரியை 100 ஆலும் பெருக்கிக் கூட்டினால் குத்தகைக்கான மொத்தம் வந்துவிடும். கூடவே, இளமரங்கள் மட்டும் எவ்வளவு தந்தன என்ற எண்ணும் நோட்டில் நிற்கும், அடுத்த வருடம் அவை வளர்ந்து காய்ப்பு கூடும்போது பழைய பட்டியலோடு ஒப்பிட அது வேண்டும்.